டீசல் எஞ்சின் எண்ணெய் இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும்? டி.பி.என். எண்ணைப் படித்து முடிவெடுக்கும் முறை

டீசல் எஞ்சினில் ஊற்றிய எண்ணெய் சில மணி நேர ஓட்டத்திலேயே கறுத்துவிடும். அந்தக் கறுப்பு, எரிப்பில் உண்டாகும் கரித்துகளை எண்ணெய் தன்னுள் தாங்கிப் பிடித்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். எண்ணெய் தீர்ந்துவிட்டதா என்பதைக் காட்டாது. விரலில் தேய்த்துப் பார்ப்பதும் முகர்ந்து பார்ப்பதும் அந்தக் கேள்விக்கு விடை தருவதில்லை. விடையின் ஒரு முக்கியமான பகுதி, ஆய்வகம் அனுப்பும் அறிக்கையில் TBN என்ற தலைப்பின் கீழ் ஓர் எண்ணாக வருகிறது. அந்த எண்ணை முதன்முறையாகப் படிப்பவர் அதை வைத்து எண்ணெய் மாற்றும் இடைவெளியை எப்படி முடிவு செய்வது என்பதைத் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டியின் கம்ப்ரஸர் எஞ்சினை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம். இந்த எஞ்சின் பெரும்பாலும் முழுச் சுமையில், தூசிக்கு நடுவே, ஊரூராகப் போய் ஓடுவது என்பதால் எண்ணெய்க்கு வரக்கூடிய சோதனைகள் அனைத்தும் இதற்கு வரும்.

எண் எதை அளக்கிறது

டி.பி.என். என்பது மொத்தக் கார எண். எண்ணெயில் அமிலத்தை முறிக்கும் சரக்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அது சொல்கிறது. எரிப்பறையிலிருந்து பிஸ்டன் வளையங்களைக் கடந்து கசிந்து வரும் வாயுவில் கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகள் இருக்கின்றன. அவை ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகின்றன. எண்ணெயும் வெப்பத்தில் காற்றுடன் வினைபுரிந்து, தானே கரிம அமிலங்களை உண்டாக்கிக்கொள்கிறது. இவற்றை முறிப்பதற்காகவே, சுத்திகரிப்புச் சேர்மானங்களோடு மிக நுண்ணிய கால்சியம் கார்பனேட் அல்லது மக்னீசியம் கார்பனேட் துகள்களைத் தயாரிப்பாளர்கள் எண்ணெயில் கலந்து வைக்கிறார்கள். அந்தக் கையிருப்பின் அளவை, ஒரு கிராம் எண்ணெய் எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு நிகரான காரத்தைக் கொண்டிருக்கிறது என்று mg KOH/g என்ற அலகில் எழுதுகிறார்கள். டீசல் எஞ்சினுக்கான புதிய எண்ணெயில் இது பெரும்பாலும் பத்தை ஒட்டி இருக்கும்.

இங்கே புதியவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அதே அறிக்கையில் கால்சியத்தின் அளவும் வரும். அது புதிய எண்ணெயில் இருந்தது போலவே இருப்பதைப் பார்த்து, காரம் குறையவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அமிலத்தை முறித்த கால்சியம் கார்பனேட் வேறொரு கால்சியம் உப்பாக மாறி எண்ணெயிலேயே தங்கிவிடுகிறது. தனிம ஆய்வுக் கருவி உயிருள்ள கால்சியத்துக்கும் செலவழிந்த கால்சியத்துக்கும் வேறுபாடு அறியாது.

முதல் படி: புதிய எண்ணெயையும் ஆய்வுக்கு அனுப்புங்கள்

டப்பாவின் விவரத்தாளில் டி.பி.என். அச்சிட்டிருக்கும்போது புதிய எண்ணெய்க்கு எதற்குச் செலவு என்று கேட்பது இயல்பு. காரணம், இந்த எண்ணை அளக்கப் பரவலாக இரண்டு முறைகள் இருக்கின்றன, இரண்டும் ஒரே எண்ணெய்க்கு வெவ்வேறு எண்ணைத் தரும். விவரத்தாள்களில் பெரும்பாலும் வருவது ASTM D2896 என்ற முறை. அதில் வலிமையான பெர்குளோரிக் அமிலத்தைப் பயன்படுத்துவதால், கரித்துகளைப் பிரித்து வைக்கும் சேர்மானங்களில் உள்ள வலுக்குறைந்த நைட்ரஜன் காரங்கள்கூடக் கணக்கில் வந்துவிடும். பயன்பட்ட எண்ணெய்க்குப் பெரிதும் பரிந்துரைக்கப்படுவது ASTM D4739. இதில் அதைவிட வலிமை குறைந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பயன்படுவதால், அமிலத்தை முறிக்க உண்மையில் உதவும் வலிய காரமே பெரும்பாலும் அளவாகிறது. எனவே விவரத்தாளில் 10.5 என்றிருக்கும் எண்ணெயை இரண்டாவது முறையில் அளந்தால் 9.2 என்று வரக்கூடும். முதல் முறையின் 10.5-ஐத் தொடக்கமாகவும் இரண்டாவது முறையின் எண்ணை இறுதியாகவும் வைத்துக் கழித்தால், எஞ்சின் செலவழிக்காத காரத்தை எஞ்சினின் கணக்கில் எழுதியதாக ஆகிவிடும்.

ஆகவே புதிய பீப்பாயைத் திறந்தவுடன் ஒரு மாதிரி எடுத்து, பயன்பட்ட எண்ணெய்க்குக் கேட்கும் அதே முறையைக் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். எண்ணெயின் பிராண்டோ தரமோ மாறும்போது மட்டும் இதை மறுபடியும் செய்தால் போதும். பல ஆய்வகங்களின் அடிப்படைத் தொகுப்பில் டி.பி.என். சேர்ந்திருக்காது, தனியாகக் கேட்க வேண்டும். கேட்கும்போது, எண்ணெயில் சேர்ந்திருக்கும் அமிலத்தின் அளவைச் சொல்லும் அமில எண்ணையும் சேர்த்துக் கேளுங்கள். அது ஏன் தேவை என்பது பின்னால் தெரியும்.

இரண்டாவது படி: மாதிரியைச் சரியாக எடுப்பது

எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடிய பிறகு நிறுத்தி, எண்ணெய் கீழே படிவதற்கு முன், பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் மாதிரியை எடுக்க வேண்டும். டிப்ஸ்டிக் துளை வழியாகப் புதிய பிளாஸ்டிக் குழாயை விட்டு, கைப்பம்பால் உறிஞ்சுவது நல்ல முறை. குழாயின் முனை, எஞ்சினின் கீழே எண்ணெய் தங்கும் தொட்டியான சம்ப்பின் அடியைத் தொடக் கூடாது. டிப்ஸ்டிக்கின் நீளத்தை அளவாக வைத்துக் குழாயை வெட்டிக்கொண்டால் அடிமண்டி வராது. வடிகால் திருகைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும் என்றால், முதலில் வரும் ஒன்றிரண்டு லிட்டரை விட்டுவிட்டு நடு ஓட்டத்தில் பிடிக்க வேண்டும். பழைய ஃபில்டரைக் கவிழ்த்து எடுத்த எண்ணெயை மாதிரியாக அனுப்பவே கூடாது.

டாப்-அப் செய்வதற்கு முன்பே மாதிரி எடுக்க வேண்டும் என்பதை நான் தனியாக வலியுறுத்துவேன். காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். சம்ப்பின் கொள்ளளவு 40 லிட்டர். அதில் 36 லிட்டர் பழைய எண்ணெய், டி.பி.என். 5 என்ற நிலையில் இருக்கிறது. ஓட்டுநர் அளவு குறைந்திருப்பதைப் பார்த்து, டி.பி.என். 9.2 உள்ள 4 லிட்டர் புதிய எண்ணெயை ஊற்றுகிறார். கலந்த பிறகு எண் 5.4 ஆகிவிடும். உலோகத் துகள்களின் அளவும் பத்தில் ஒரு பங்கு குறைந்து தெரியும். எஞ்சினில் எதுவும் மாறவில்லை, ஆனால் அறிக்கை நல்லதாக வரும். எண்ணெய் அதிகம் குடிக்கும் எஞ்சின்களில் டி.பி.என். எப்போதும் நன்றாகவே இருப்பதற்கு இதுதான் காரணம். அதை எண்ணெயின் தரம் என்று நினைத்துப் பூரிப்பவர்களைப் பார்க்கலாம்.

பாட்டிலின் மேல் ஒட்டும் சீட்டில் எஞ்சினின் மொத்த ஓட்டமணி, இந்த எண்ணெய் ஓடிய மணி, எண்ணெயின் பெயரும் தரமும், கடைசி மாற்றத்திலிருந்து எத்தனை லிட்டர் டாப்-அப் செய்யப்பட்டது ஆகியவற்றை எழுத வேண்டும். ரிக் தொழிலில் வாடகை அடிக்கணக்கில் பேசப்படுவதால் நோட்டில் அடியும் டீசலும் துல்லியமாக இருக்கும், மணிக்கணக்கு மட்டும் விடுபட்டிருக்கும். எண்ணெயின் ஆயுளை அடிக்கணக்கிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. கடினப் பாறையில் நூறு அடி போக ஆகும் நேரமும் இளகிய மண்ணில் ஆகும் நேரமும் ஒன்றல்ல. ஹவர் மீட்டர் பழுதாகியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

மூன்றாவது படி: எரிபொருளை அறிந்துகொள்வது

டி.பி.என். பற்றிய பழைய அறிவுரைகளில் பெரும்பகுதி, டீசலில் கந்தகம் அதிகமாக இருந்த காலத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் முன்பு விற்கப்பட்ட பி.எஸ். 3 டீசலில் 350 பி.பி.எம். வரை கந்தகம் அனுமதிக்கப்பட்டிருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்கப்படும் பி.எஸ். 6 டீசலில் உச்சவரம்பு 10 பி.பி.எம். இந்த வேறுபாட்டின் எடையை ஒரு சிறு கணக்கு காட்டும்.

நம் சம்ப்பில் உள்ள 40 லிட்டர் எண்ணெயின் எடை ஏறத்தாழ 35 கிலோ. டி.பி.என். 9.2 என்றால் மொத்தக் காரக் கையிருப்பு சுமார் 320 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு நிகர். எஞ்சின் மணிக்கு 50 லிட்டர் டீசல் எரிப்பதாகக் கொள்வோம். 350 பி.பி.எம். டீசலாக இருந்தால் மணிக்கு ஏறத்தாழ 14.5 கிராம் கந்தகம் எரியும். அது முழுவதும் கந்தக அமிலமாகி எண்ணெய்க்குள் வந்தால் முறிப்பதற்கு 51 கிராம் தேவைப்படும், ஆறு மணி நேரத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும். அப்படி நடந்ததில்லை, ஏனென்றால் கந்தகத்தின் மிகச் சிறு பங்குதான் எண்ணெயை அடைகிறது. மற்றதெல்லாம் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. 10 பி.பி.எம். டீசலிலோ, வந்த கந்தகம் முழுவதும் எண்ணெயில் விழுந்தாலும் மணிக்கு ஒன்றரை கிராம்கூட ஆகாது. சிறு பங்குதான் விழும் என்னும்போது, கந்தகத்தின் கணக்கை ஏறத்தாழ மறந்துவிடலாம்.

அப்படியானால் இன்றைய டீசலில் டி.பி.என். ஏன் இறங்குகிறது? நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து வரும் அமிலமும், எண்ணெய் முதுமையடைந்து உண்டாக்கும் கரிம அமிலங்களும்தான் காரணம். கரிம அமிலங்கள் வலுக்குறைந்தவை. அவற்றில் ஒரு பகுதி, காரம் மிச்சமிருக்கும்போதே முறியாமல் எண்ணெயில் சேர்ந்துகொண்டே போகும். அதனால் டி.பி.என். இன்னும் பாதி இருக்கிறது என்ற நிலையிலும் அமில எண் ஏறிக்கொண்டிருக்கலாம். கந்தகம் அதிகமாக இருந்த நாட்களில் டி.பி.என். ஒன்றை மட்டும் பார்த்தாலும் ஓரளவு தப்பிக்க முடிந்தது. இன்று அது போதாது.

நான்காவது படி: ஒரு மாதிரி அல்ல, ஒரு வரிசை

இப்போது எடுத்துக்காட்டுக்கு வருவோம். எஞ்சின் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளி 250 மணி. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. இடைவெளியை நீட்ட முடியுமா என்று உரிமையாளர் அறிய விரும்புகிறார். உத்தரவாதம் நடப்பில் இருந்தால் இந்தச் சோதனையை ஒத்திப்போடுவதுதான் முறை. எண்ணெய் 15W-40. டாப்-அப் இல்லாத ஓர் இடைவெளியில் 125 மணிக்கு ஒருமுறை மாதிரி எடுக்கப்படுகிறது. எண்கள் இவ்வாறு வருவதாக வைத்துக்கொள்வோம்.

புதிய எண்ணெயில் டி.பி.என். 9.2, அமில எண் 2.0. புதிய எண்ணெயிலேயே அமில எண் இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை; தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மானம் சோதனையில் அமிலம் போலக் காட்டும். 125 மணியில் டி.பி.என். 7.4, அமில எண் 2.4, ஈயம் 2 பி.பி.எம். 250 மணியில் 6.2, 2.8, ஈயம் 4. 375 மணியில் 5.3, 3.3, ஈயம் 6. 500 மணியில் 4.6, 4.0, ஈயம் 14.

முதலில் இறக்கத்தின் வடிவத்தைப் பாருங்கள். முதல் 125 மணியில் 1.8 குறைந்தது, அடுத்ததில் 1.2, பிறகு 0.9, கடைசியில் 0.7. தொடக்கத்தில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் இறங்குவதுதான் டி.பி.என்.-இன் இயல்பு. 125 மணி மாதிரியை மட்டும் எடுத்தவர் நேர்கோடு போட்டுப் பார்த்தால், தொடக்க மதிப்பில் பாதியான 4.6-ஐ 320 மணியிலேயே எட்டிவிடும் என்று முடிவு செய்வார். கடைசி இரண்டு மாதிரிகளை மட்டும் வைத்திருப்பவர், குறைந்தபட்ச எல்லை 3 என்று கேள்விப்பட்டிருந்தால், இதே வேகத்தில் 780 மணி வரை ஓட்டலாம் என்று சொல்வார். இருவரும் கணக்கில் தவறவில்லை. ஒற்றை எண்ணுக்கு அதன் தகுதிக்கு மீறிய வேலையைக் கொடுத்ததில்தான் தவறினார்கள். இந்தச் சோதனையில் அரை அலகு வேறுபாடு அளவீட்டின் தடுமாற்றமாகவே இருக்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஐந்தாவது படி: மூன்று எண்களைச் சேர்த்துப் படிப்பது

புழக்கத்தில் உள்ள எல்லைகள் மூன்று. டி.பி.என். புதிய எண்ணெயின் மதிப்பில் பாதிக்கு வந்தால் மாற்ற வேண்டும் என்பது ஒன்று; எப்படியானாலும் 2 அல்லது 3-க்குக் கீழே போக விடக் கூடாது என்பது இரண்டாவது; அமில எண் ஏறி டி.பி.என்.-ஐச் சந்திக்கும் இடத்துக்கு முன் மாற்ற வேண்டும் என்பது மூன்றாவது. குறைந்த கந்தக டீசலில் ஓடும் எஞ்சினுக்கு மூன்றாவது விதிதான் பயனுள்ளது என்பது என் கருத்து.

நம் வரிசையில் 375 மணியில் இரண்டுக்கும் இடையே 2.0 இடைவெளி இருக்கிறது. 500 மணியில் அது 0.6 ஆகச் சுருங்கிவிட்டது. ஒன்று இறங்க, மற்றொன்று ஏறும் இப்போதைய வேகத்தில், இன்னும் ஐம்பது அறுபது மணிக்குள் இரண்டும் சந்தித்துவிடும். 780 மணி என்ற கனவு இங்கேயே முடிகிறது.

இந்த ஊகத்துக்குச் சாட்சி ஈயம். கிராங்க் பேரிங்குகளின் மேற்பூச்சில் உள்ள ஈயத்தை அமிலம் அரித்துக் கரைக்கும். முதல் மூன்று பகுதிகளில் 125 மணிக்கு இரண்டு பி.பி.எம். என்ற சீரான நடையில் ஏறிய ஈயம், கடைசிப் பகுதியில் எட்டு ஏறியிருக்கிறது. எண்ணெய் அமிலத்தைத் தாங்க முடியாமல் அதைப் பேரிங் தாங்கத் தொடங்கிய இடம் 375-க்கும் 500-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. சரியாக எந்த மணியில் என்று இந்த மாதிரிகளால் சொல்ல முடியாது; எனவே நல்லது என்று நிரூபணமான கடைசிப் புள்ளியில், அதாவது 375 மணியில், நிற்பதுதான் முறை. 500-இல் டி.பி.என். மிகச் சரியாகப் பாதி என்ற எல்லையைத் தொட்டிருக்கிறது, ஆனால் பேரிங் அதற்கு முன்பே அரிபடத் தொடங்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

சில எஞ்சின்களில் ஈயமற்ற பேரிங்குகள் உள்ளன. அங்கே செம்பு, வெள்ளீயம், அலுமினியம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆனால் புதிய எஞ்சினில் செம்பு மட்டும் தனியாக உயர்ந்திருந்தால், அது எண்ணெய்க் குளிர்விப்பானின் செம்புக் குழாய்களிலிருந்து வேதிவினையால் கரைந்து வருவதாக இருக்கலாம், நாளடைவில் குறைந்துவிடும். அதை அமில அரிப்பு என்று கருதி எண்ணெயை மாற்றிக்கொண்டே இருந்தால் பணம்தான் வீணாகும்.

ஆறாவது படி: டி.பி.என். சொல்லாதவை

டி.பி.என். நன்றாக இருந்தும் எண்ணெயை அன்றே வடிக்க வேண்டிய நிலைகள் உண்டு. ரிக் எஞ்சினில் அவற்றில் முதலாவது தூசி. துளையிடும்போது எழும் பாறைத் தூள் காற்று வடிகட்டியைத் தாண்டி உள்ளே வந்தால், அறிக்கையில் சிலிக்கானும் இரும்பும் சேர்ந்து ஏறும். எண்ணெய் மாற்றினால் உள்ளிருக்கும் தூள் வெளியேறும். ஆனால் காற்றுக் குழாயின் கிளாம்ப் தளர்ந்திருந்தால் அடுத்த எண்ணெயும் அதே கதியை அடையும், எனவே முதலில் அந்த வழியை அடைக்க வேண்டும். இன்ஜெக்டர் ஒழுகி டீசல் கலந்தால் பாகுத்தன்மை இறங்கும். 15W-40 எண்ணெய் 100 டிகிரி செல்சியஸில் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குக் கீழே போனால் அது தன் தரத்தை இழந்துவிட்டது என்று பொருள். சோடியமோ பொட்டாசியமோ திடீரென உயர்ந்தால் ரேடியேட்டர் குளிர்நீர் கலக்கிறதா என்று தேட வேண்டும். இவற்றில் எதுவுமே டி.பி.என். எண்ணில் உரிய நேரத்தில் தெரியாது.

எண்ணெய் வாங்கும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும். புகைத்துகள் வடிகட்டி பொருத்திய பி.எஸ். 6 எஞ்சின்களுக்கான சி.கே-4 என்ற தர எண்ணெய்களில் சாம்பல் அளவுக்கு உச்சவரம்பு உண்டு. காரம் தரும் கால்சியமே எரிந்து சாம்பலாகும் என்பதால், அவற்றில் டி.பி.என்.-ஐ விருப்பம் போல் உயர்த்த முடியாது. அதிக எண் கொண்ட பழைய தர எண்ணெய் வலிமையானது என்று எண்ணி அதை அந்த எஞ்சினில் ஊற்றினால், வடிகட்டி சாம்பலால் அடைபடும்.

ஏழாவது படி: புதிய இடைவெளியை நிலைநிறுத்துவது

ஒரே ஒரு சுற்றின் முடிவை வைத்து இடைவெளியை நிரந்தரமாக மாற்றக் கூடாது. 375 என்று தீர்மானித்த பிறகு, அடுத்த மூன்று சுற்றுகளிலாவது 250 மணியிலும் 375 மணியிலும் மாதிரி எடுத்து, முதல் சுற்றில் வந்த எண்களோடு ஒப்பிட வேண்டும். அவற்றில் ஒன்றாவது கோடையில் அமைய வேண்டும். எண்ணெய் கூடுதல் சூட்டில் ஓடும் மாதங்களில் ஆக்சிஜனேற்றம் விரைவாகி, அமில எண் வழக்கத்தைவிட முன்னதாக ஏறலாம். அப்படி ஏறினால் அந்த மாதங்களுக்கு மட்டும் இடைவெளியைச் சுருக்கிக்கொள்ளலாம். மூன்று சுற்றுகளும் ஒத்துப்போனால், அதன் பிறகு ஒவ்வொரு வடிப்பின்போதும் ஒரு மாதிரி போதுமானது.

250 மணிக்கு ஒருமுறை மாற்றினால் 3000 மணி ஓட்டத்துக்கு 12 மாற்றங்கள், 480 லிட்டர் எண்ணெய் ஆகும். 375 என்றால் 8 மாற்றங்கள், 320 லிட்டர். மிச்சமாகும் 160 லிட்டரின் விலையிலிருந்து ஆய்வகக் கட்டணத்தையும் கூரியர் செலவையும் கழித்துப் பார்க்க வேண்டும். சம்ப் 40 லிட்டராக இருப்பதால் இங்கே கணக்கு கட்டுபடியாகிறது. ஏழெட்டு லிட்டர் மட்டுமே கொள்ளும் சிறிய லோடு வண்டிக்கு, ஒவ்வொரு முறையும் டி.பி.என். பார்க்கும் செலவைவிடத் தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில் எண்ணெயை மாற்றிவிடுவது மலிவு.